வைட் ஷாட் பளிச், முகம் மங்கல்: 4கே காட்சியை எவ்வளவு நெருக்கலாம்?

கேள்வி

நான் கும்பகோணம் பக்கத்தில் கல்யாண வீடியோ எடுப்பவன். மூன்று மாதத்துக்கு முன் ஒரு குடும்பம், 78 வயதான தங்கள் தாத்தாவை, நாதஸ்வர வித்வான், பேச வைத்து வாசிக்க வைத்து ஒரு படமாகத் தரச் சொன்னது. என்னிடம் இருப்பது ஒரே ஒரு ஃபுல் ஃபிரேம் கேமரா. 35 மி.மீ., எஃப்/2.8, ஷட்டர் 1/50, ஐ.எஸ்.ஓ. 3200. இரண்டரை மீட்டர் தள்ளி வைத்து, எல்லாவற்றையும் 4கே 25 ஃபிரேமில் எடுத்தேன். 4கே என்றால் ஹெச்டியை விட நான்கு மடங்கு ஆயிற்றே, 1920×1080 டைம்லைனில் போட்டு வேண்டிய இடத்தில் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று நம்பினேன். பிரீமியர் ப்ரோ 2022. Scale 100 வைத்தால் முழுப் படம் வருகிறது. மிட் ஷாட்டுக்கு 180, குளோசப்புக்கு 230, கண்கலங்கும் ஓர் இடத்தில் 300 வைத்தேன். முழுப் படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. நெருங்கிய ஷாட்கள் எல்லாம் மங்கல். ஷார்ப்பன் போட்டால் இன்னும் அசிங்கமாகிறது. "ஃபோகஸ் போய்விட்டது" என்று சொல்லி மீதிப் பணத்தை நிறுத்திவிட்டார்கள். பெரியவருக்கு உடம்பு சரியில்லை, மறுபடி உட்கார வைக்க முடியாது. 4கே-யிலேயே ஃபைலைக் கொடுத்துவிட்டால் சரியாகுமா? கடன் வாங்கி இன்னொரு கேமரா வாங்கட்டுமா?

— பெயர் வேண்டாம், தஞ்சை மாவட்டம்

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

மறுபடி எடுப்பதைப் பற்றியோ கடனைப் பற்றியோ இப்போது யோசிக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் "Scale 100 வைத்தால் முழுப் படம் வருகிறது" என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்ததும் எனக்குப் பாதி நிம்மதி வந்துவிட்டது. மங்கலில் பெரும்பங்கு கேமராவில் நேர்ந்ததல்ல, டைம்லைனில் நேர்ந்தது என்று அந்த வரி சொல்கிறது. டைம்லைனில் போன கூர்மையைத் திரும்ப எடுக்கலாம்.

4கே-யின் அகலம் 3840 பிக்சல். உங்கள் டைம்லைனின் அகலம் 1920. ஆகவே 4கே கிளிப்பை எதுவும் செய்யாமல் ஹெச்டி டைம்லைனில் போட்டால், படம் ஃபிரேமை விட இரண்டு மடங்கு அகலமாக வழிந்து நிற்க வேண்டும். நடுப்பகுதி மட்டும் தெரிய வேண்டும். முழுப் படமும் தெரிய, Scale எண்ணை 50-க்கு இறக்க வேண்டும். உங்களுக்கோ 100-லேயே முழுப் படம் தெரிகிறது. கிளிப்பின் மேல் Scale to Frame Size என்ற டிக் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த டிக் இருந்தால் பிரீமியர் என்ன செய்கிறது தெரியுமா? 3840 பிக்சல் படத்தை முதலில் 1920-க்குச் சுருக்கிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் நீங்கள் வைக்கும் 180, 230 எல்லாம் வேலை செய்கின்றன. நீங்கள் பெரிதாக்கியது 4கே படத்தையே அல்ல, ஏற்கெனவே ஹெச்டி ஆகிவிட்ட படத்தை. 230 வைத்த இடத்தில் சுமார் 835 பிக்சல் அகலமுள்ள துண்டை 1920-க்கு இழுத்திருக்கிறீர்கள். பழைய டிவிடி படத்தின் தரம் அது. முகம் மங்காமல் என்ன செய்யும்!

இதற்கு அடுத்த வரியிலேயே Set to Frame Size என்று இன்னொன்று இருக்கும். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், வேலை வேறு. இது படத்தைச் சுருக்கிப் போட்டுவிடாமல், Scale எண்ணை மட்டும் 50 ஆக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அடியில் 3840 பிக்சலும் அப்படியே இருக்கும், நீங்கள் பெரிதாக்கப் பெரிதாக்க அவை வெளியே வரும். இந்த இரண்டு வரிகளும் இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் பாதிக்கப்பட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் கை வைக்காமலேயே முன்னது வந்திருக்கவும் கூடும். Preferences-இல் Media பக்கத்தில் Default Media Scaling என்ற இடத்தில் ஒருமுறை அதைத் தேர்ந்தெடுத்திருந்தால், அதற்குப் பின் உள்ளே வரும் எல்லாக் கிளிப்பிலும் அந்த டிக் தானாக விழும்.

முதலில் ஒரு சோதனை

திருத்தத் தொடங்கும் முன், நான் சொல்வது உங்கள் விஷயத்தில் எவ்வளவு உண்மை என்று நீங்களே பார்த்துவிடுங்கள். 3840×2160 அளவில் புதிதாக ஒரு சீக்வென்ஸ் போட்டு, 230 வைத்த அந்தக் குளோசப்பின் மூலக் கிளிப்பை அதில் இறக்குங்கள். அதே நொடியில் ஒரு ஃபிரேமை ஸ்டில்லாக எடுங்கள். பழைய ஹெச்டி டைம்லைனிலிருந்தும் அதே நொடியை ஸ்டில்லாக எடுங்கள். 4கே ஸ்டில்லைப் படம் பார்க்கும் செயலியில் நூறு சதவீதத்தில் திறந்து, முகத்தை மட்டும் பாருங்கள். கண்ணிமை முடி, நெற்றிச் சுருக்கம், விபூதிக் கோடு ஆகியவை அதில் தனித்தனியாகத் தெரிந்து, ஹெச்டி ஸ்டில்லில் மட்டும் குழைந்திருந்தால் குற்றம் டைம்லைனுடையது. இரண்டிலும் ஒரே மாதிரி குழைந்திருந்தால் கேமராவில் போனது, அதை மென்பொருளால் கொண்டுவர முடியாது.

பார்க்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். பிரீமியரின் ஜன்னல் Fit-இல் இருந்தால், அது படத்தைத் திரைக்கு ஏற்றபடி சுருக்கிக் காட்டும். அதை வைத்துக் கூர்மையை முடிவு செய்யாதீர்கள். 100%-க்கு மாற்றுங்கள், பிளேபேக் தரத்தை Full-இல் வையுங்கள், பிராக்ஸி போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். இவை மூன்றும் திரையில் பார்ப்பதைத்தான் பாதிக்கும். ஆனால் எக்ஸ்போர்ட் செய்யும்போது Use Previews டிக் இருந்தால், முன்பு ரெண்டர் செய்துவைத்த பழைய மங்கல் துண்டுகள் புதுப் படத்துக்குள் வந்துவிடும். அந்த டிக்கை எடுத்துவிட்டே எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

உங்கள் டைம்லைனைச் சரிசெய்யும் முறை

சீக்வென்ஸை நகல் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். நகலில் எல்லாக் கிளிப்களையும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் Scale to Frame Size டிக்கை எடுங்கள். எடுத்தவுடன் படங்கள் எல்லாம் இரண்டு மடங்கு பெரிதாகி, ஃபிரேமிங் கலைந்து, பார்க்கவே பயமாக இருக்கும். கலங்க வேண்டாம். ஒவ்வொரு Scale எண்ணையும் பாதியாக்கினால் பழைய ஃபிரேமிங் அப்படியே திரும்பும். 100 இருந்தது 50, 180 இருந்தது 90, 230 இருந்தது 115, 300 இருந்தது 150. ஒரே ஃபிரேமிங்கில் பத்து கிளிப் இருந்தால் ஒன்றைச் சரிசெய்து, காப்பி எடுத்து, மற்றவற்றின் மேல் Paste Attributes கொடுங்கள். Position எண்களைத் தொட வேண்டியிருக்காது, ஏனென்றால் அவை டைம்லைனின் பிக்சலில் எண்ணப்படுபவை. Anchor Point-ஐ நகர்த்தியிருந்த கிளிப்கள் மட்டும் கண்ணால் பார்த்துச் சரிசெய்ய வேண்டியவை. மெதுவாக நெருங்கும் அசைவுக்குக் கீஃபிரேம் வைத்திருந்தால் அங்கே ஒவ்வொரு கீஃபிரேமையும் பாதியாக்க வேண்டும். பலர் முதல் கீஃபிரேமை மட்டும் மாற்றிவிட்டுப் போய்விடுவார்கள்.

வாசிக்கும் காட்சியை எங்காவது கையில் பிடித்து எடுத்து, Warp Stabilizer போட்டிருக்கிறீர்களா? அது கிளிப்பும் சீக்வென்ஸும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று கேட்கும். கேட்டதும் எல்லோரும் Nest போடுவார்கள். அந்த நெஸ்ட் 1920 அளவில் உருவாகும். அதன் பிறகு வெளியே பெரிதாக்கினால் மறுபடி அதே கதைதான். 3840×2160-இல் தனி சீக்வென்ஸ் போட்டு, அதில் நடுக்கத்தைச் சரிசெய்து, அந்த சீக்வென்ஸை ஹெச்டி டைம்லைனில் இறக்கி Scale வையுங்கள்.

பின்னாளில் டாவின்சி ரிசால்வுக்கு மாறினால், அங்கே எண்ணை வைத்து இப்படிக் கண்டுபிடிக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள். ரிசால்வில் முழுப் படம் Zoom 1.000-லேயே தெரியும், அது தவறும் அல்ல. 2.000 வரை போனாலும் மூலப் பிக்சல்களைத்தான் எடுக்கும். அங்கே சிக்கல் வருவது, கிளிப்பை காம்பவுண்ட் கிளிப் ஆக்கிவிட்டு அதைப் பெரிதாக்கும்போது.

நான்கு மடங்கா, இரண்டு மடங்கா?

உங்கள் நம்பிக்கையில் ஒரு திருத்தம். 4கே-யில் ஹெச்டியைப் போல நான்கு மடங்கு பிக்சல் இருப்பது உண்மை. ஆனால் அது பரப்பில். ஒரு மனையின் நீளம் அகலம் இரண்டையும் இரட்டிப்பாக்கினால் பரப்பு நான்கு மடங்காகும் அல்லவா, அதே கணக்குதான். நீளவாக்கில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மடங்குதான். டிக் எடுத்த பிறகு Scale 50 முழுப் படம், 100 எல்லை. 100-இல் மூலத்தின் ஒரு பிக்சல் டைம்லைனின் ஒரு பிக்சல் ஆகிறது. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு புள்ளியும் இல்லாத பிக்சலை மென்பொருள் ஊகித்து நிரப்புவது.

இந்தக் கணக்கில் உங்கள் ஷாட்களைப் பார்ப்போம். 90 வைத்த மிட் ஷாட் 2133 பிக்சல் அகலத்தை எடுத்துக்கொள்கிறது, அது தாராளம். 115 வைத்த குளோசப் 1670 பிக்சலை 1920-க்கு இழுக்கிறது. அசையாத முகத்தில் இது பெரிதாகத் தெரியாது. ஆனாலும் 100-க்கு இறக்கி, தோளுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்துப் பாருங்கள், படம் நன்றாகவே இருக்கும். 150 வைத்த அந்தக் கண்கலங்கும் இடத்தில் 1280 பிக்சல்தான் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. அந்த இடத்தில் 100-இல் நில்லுங்கள். பெரியவர் கண் கலங்குவது மார்பளவு ஷாட்டிலேயே தெரியும். அவர் குரல் இருக்கிறது, கை நடுங்குவதும் ஃபிரேமுக்குள் வரும்.

நூறில் நின்றாலும் வைட் ஷாட் மாதிரி ஏன் இருக்காது?

இதைச் சொல்லாவிட்டால், திருத்தி முடித்த பிறகும் "இன்னும் கொஞ்சம் வித்தியாசம் தெரிகிறதே" என்று நீங்கள் வருந்துவீர்கள். வித்தியாசம் தெரியத்தான் செய்யும். வைட் ஷாட்டில் நான்கு மூலப் பிக்சல்கள் சேர்ந்து டைம்லைனின் ஒரு பிக்சல் ஆகின்றன. அப்படிச் சேரும்போது தற்செயலாக மின்னும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஏறக்குறைய பாதியாகிவிடும். ஐ.எஸ்.ஓ. 3200-இல் எடுத்தும் உங்கள் முழுப் படம் கண்ணாடி மாதிரி இருப்பதன் ரகசியம் இதுதான். 100-இல் கிராப் செய்யும்போது இந்தச் சலுகை கிடையாது. சென்சாரில் விழுந்த இரைச்சல் அப்படியே முன்னால் வரும்.

நிறத்திலும் இதே கதை. பெரும்பாலான மிரர்லெஸ் கேமராக்களின் வழக்கமான பதிவில் நிறத் தகவல் நீளத்திலும் அகலத்திலும் பாதிதான் சேமிக்கப்படுகிறது. 4கே படத்தில் நிறம் 1920×1080 அளவில் இருக்கிறது, வைட் ஷாட்டுக்கு அது முழுசாகப் போதும். கிராப் செய்த ஷாட்டில் அந்த நிறத் தகவல் 960×540 ஆகிவிடும். எங்கே தெரியும் என்றால் நெற்றிக் குங்குமத்தின் ஓரத்தில், சிவப்புப் பட்டு அங்கவஸ்திரத்தின் கரையில். அந்த ஓரங்கள் லேசாகக் கசிந்தது போல இருக்கும். அதை ஃபோகஸ் பிசகு என்று நினைத்து ஷார்ப்பன் ஏற்றினால், கசிவு கசிவாகவே இருக்க, இரைச்சல் மட்டும் கூர்மையாகிவிடும். உங்களுக்கு "அசிங்கமாக" ஆனது அதனால்தான்.

செய்யக்கூடியது இது. நெருங்கிய ஷாட்களில் மட்டும் முதலில் லேசாக இரைச்சல் நீக்குங்கள். தோலின் துவாரங்கள் மறையாத அளவில் நிறுத்துங்கள். அதன் பிறகு கடைசியில் கொஞ்சம் ஷார்ப்பன். வரிசை மாறக் கூடாது. அதையும் தாண்டி வித்தியாசம் உறுத்தினால், வைட் ஷாட்டை 50-இல் வைக்காமல் 55 அல்லது 60-இல் வையுங்கள். ஓரத்தில் கொஞ்சம் சுவர் போகும், அவ்வளவுதான். இரண்டு ஷாட்களின் தன்மையும் ஒன்றையொன்று நெருங்கிவரும்.

இனி எடுக்கும் படங்களுக்கு என் சொந்த எல்லை 75 அல்லது 80. அதாவது முழுப் படத்தைப் போல ஒன்றரை மடங்கு. நல்ல வெளிச்சத்தில், ஸ்டாண்டில், சரியான ஃபோகஸில் எடுத்திருந்தால் மட்டும் 100 வரை போவேன். அதே சமயம் ஒன்றே கால் மடங்குக்குக் குறைவாக நெருக்கி வெட்டவும் மாட்டேன். ஒரே கோணத்தில் சிறிய மாற்றத்துக்கு வெட்டினால் பார்ப்பவருக்கு அது ஷாட் மாற்றமாகத் தோன்றாது, படம் ஒரு குதி குதித்தது போலத் தோன்றும்.

ஃபோகஸ் உண்மையிலேயே போயிருந்தால்

மேலே சொன்ன சோதனையில் சில ஷாட்கள் தேறாமல் போகலாம். அதற்கும் காரணம் உங்கள் எண்களிலேயே இருக்கிறது. ஃபுல் ஃபிரேமில் 35 மி.மீ., எஃப்/2.8, இரண்டரை மீட்டர் என்றால், முழுப் படத்தில் பார்க்கும்போது ஃபோகஸ் புள்ளிக்கு முன்னால் சுமார் 37 சென்டிமீட்டர் வரை கூர்மையாகத் தோன்றும். அதே காட்சியை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் மங்கலும் இரண்டு மடங்காகிறது. முன்னால் கூர்மையாகத் தோன்றும் இடம் சுமார் 20 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். பெரியவர்கள் உணர்ச்சியோடு பேசும்போது முதுகை நாற்காலியிலிருந்து எடுத்து முன்னால் சாய்வார்கள். 25 சென்டிமீட்டர் சாய்ந்தாலே, முழுப் படத்தில் தெளிவாக இருக்கும் முகம் குளோசப்பில் மங்கிவிடும். படத்தில் மிக முக்கியமான நொடிகளில்தான் இது நேரும், ஏனென்றால் அப்போதுதான் சாய்வார்கள்.

எஃப்/5.6-க்கு மூடியிருந்தால் அந்த 37 சென்டிமீட்டர் குளோசப்புக்கும் கிடைத்திருக்கும். அதற்கு நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும். ஐ.எஸ்.ஓ.வை 12800-க்கு ஏற்றி அதைச் சமாளிக்க முடியாது, கிராப் அந்த இரைச்சலைத் தாங்காது. ஆக நெருக்கப்போகிறேன் என்று தெரிந்தால் பணத்தை விளக்கில் போட வேண்டும்.

எனக்கும் ஒருமுறை இப்படி ஆயிற்று. ஓர் ஊரில் ஒரு தறி நெசவாளரிடம் பேசி எடுத்தோம். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் நன்றாக இருந்தது. தொகுப்பு மேசையில் நெருக்கிப் பார்த்தபோது அவர் முகம் மங்கலாகவும் பின்னால் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியின் தேதி துல்லியமாகவும் இருந்தது. ஆட்டோ ஃபோகஸ் நாட்காட்டியைப் பிடித்திருந்தது. அந்தக் குளோசப் எதையும் நாங்கள் பயன்படுத்த முடியவில்லை. அன்றிலிருந்து, ஆள் உட்கார்ந்ததும் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு செய்தித்தாளைப் பிடிக்கச் சொல்லி, பத்து விநாடி எடுத்து, கேமராவிலேயே பெரிதாக்கிப் பார்க்கிறேன். சிறிய எழுத்து படிக்க முடிந்தால் அந்தக் காட்சியை இரண்டு மடங்கு நெருக்கலாம். படிக்க முடியாவிட்டால் முடியாது. லென்ஸ், ஃபோகஸ், கேமரா சென்சாரைப் படிக்கும் விதம் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் சோதித்துவிடும் முறை இது.

வாசிப்புக் காட்சியில் விரல்கள் மங்கியிருந்தால் அது ஃபோகஸ் அல்ல. 1/50 ஷட்டரில் வேகமாக ஓடும் விரல் கோடாக இழுபடும், நெருக்கினால் அந்தக் கோடும் இரட்டிப்பாகும். முகமும் சீவாளியும் தெளிவாக இருந்து விரல் மட்டும் ஒரு திசையில் இழுபட்டிருந்தால் இதுதான் காரணம். அந்தப் பகுதியை வைட் ஷாட்டிலேயே விட்டுவிடுங்கள். அடுத்த முறை வாசிப்புக்கு மட்டும் 1/100 வையுங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதிலும் விளக்கு மினுக்காது.

4கே ஃபைல், பாக்கிப் பணம், இரண்டாவது கேமரா

டைம்லைனையும் 4கே ஆக்கி எக்ஸ்போர்ட் செய்து கொடுப்பது உங்கள் நிலையை மோசமாக்கும். வைட் ஷாட்கள் உண்மையான 4கே ஆகிவிடும், நெருங்கிய ஷாட்கள் இரண்டு மடங்கு ஊதப்பட்டவையாக இருக்கும். இப்போது தெரியும் வித்தியாசம் பெரிய டிவியில் இன்னும் பளிச்சென்று தெரியும். ஹெச்டியில்தான் உங்கள் படம் சீராக இருக்கும். ஆனால் முதலில், பேசிய வார்த்தை என்ன என்று பழைய வாட்ஸப் செய்திகளைப் பாருங்கள். "4கே-யில் எடுக்கிறேன்" என்று சொல்லியிருந்தால் சொன்னபடி செய்திருக்கிறீர்கள். "4கே படமாகத் தருகிறேன்" என்று எழுதியிருந்தால் அவர்களுக்குக் கேட்க உரிமை இருக்கிறது. அப்போது கிராப்பே இல்லாத ஒரு 4கே பதிப்பையும் ஹெச்டி பதிப்போடு சேர்த்துத் தருவது நியாயமான வழி.

குடும்பத்தாரிடம் தொழில்நுட்ப விளக்கம் வேண்டாம். "தொகுக்கும்போது ஒரு தவறு செய்துவிட்டேன். படம் பத்திரமாக இருக்கிறது. திருத்திக் கொண்டுவருகிறேன்" என்று சொல்லுங்கள். அவர்கள் ஃபோகஸ் என்று சொன்னதை மறுத்து வாதாடாதீர்கள். திருத்திய படத்தையும் பழைய படத்தையும் ஒரே குளோசப்பில் அடுத்தடுத்து அவர்கள் வீட்டு டிவியிலேயே காட்டுங்கள். சோதனையில் தேறாத ஷாட் ஏதாவது இருந்தால், அது உங்கள் பிழை என்று ஒப்புக்கொண்டு வைட் ஷாட்டாக மாற்றிவிடுங்கள். திருத்தம் முடிந்து, பேசியபடி படம் கையில் கொடுத்த பிறகு பாக்கியைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. முழுப் பதிவின் மூலக் கிளிப்களையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொடுங்கள். பெரியவரின் உடல்நிலையை நினைத்துச் சொல்கிறேன், அவர்களுக்கு அந்த முழுப் பதிவு நீங்கள் தொகுத்த படத்தை விடப் பெரிதாக இருக்கலாம்.

இரண்டாவது கேமராவுக்குக் கடன் வாங்க இப்போது அவசியம் இல்லை. உட்கார்ந்து பேசும் ஒருவரை எடுக்க, ஒரே கேமராவில் வேறு வழி இருக்கிறது. ஒரு கேள்விக்கு அவர் பதில் முடித்ததும், அடுத்த கேள்வியை நீங்கள் கேட்கும் இடைவெளியில் லென்ஸை 35-லிருந்து 50-க்கோ 70-க்கோ மாற்றிக்கொள்ளுங்கள். உண்மையான குளோசப் அப்படித்தான் கிடைக்கும். ஒவ்வொரு ஷாட்டையும் ஒன்றரை மடங்கு வரை நெருக்கும் சலுகை அதற்கு மேல். இருந்தாலும் வாசிப்பைத் திரும்ப எடுக்க முடியாது, சடங்கையும் திரும்ப எடுக்க முடியாது. அத்தகைய வேலைகள் அடிக்கடி வந்தால் அன்றைக்கு மட்டும் ஒரு கேமராவை வாடகைக்கு எடுங்கள். வாடகை கணக்குக்கு மீறிப் போகும்போது வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

இன்று இரவே அந்த 230 ஷாட்டின் இரண்டு ஸ்டில்களையும் எடுத்துப் பாருங்கள். 4கே ஸ்டில்லில் பெரியவரின் கண்ணிமை முடி எண்ண முடிகிற மாதிரி இருந்தால், நாளைக் காலையிலேயே அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடலாம்.